கூனன், தட்டையன், மூக்கன்: எங்கள் குசினி வண்டுகளைப் பிரித்தறிந்த கதை

ஜூலை நடுவில் ஒரு பின்னேரம் புட்டுக்கு மா குழைத்துக்கொண்டிருந்தேன். டப்பென்று ஒரு வண்டு மாவுக்குள் விழுந்தது. நிமிர்ந்து பார்த்தால் டியூப் லைற்றைச் சுற்றி இன்னும் ஏழெட்டு. கச்சான் காற்றுக் காலம். திருகோணமலை உவர்மலையில் எங்கள் குசினி அந்த நேரத்திலும் 32 பாகைக்குக் கீழே இறங்காது, ஜன்னலைச் சாத்தி வைத்துச் சமைக்க முடியாது. வெளியிலிருந்து வருகிற பூச்சிதான் என்று நினைத்தேன். அடுத்த நாள் ஒரு பரிசோதனைக்காக வேர்த்து விறுவிறுத்துக்கொண்டு ஜன்னலைச் சாத்தியே வைத்தேன். அன்றும் ஏழெட்டு. அப்போ இது வீட்டுக்குள்ளேயே பிறக்கிற வண்டு.

"அரிசியிலதான் பிள்ளை இருக்கும். ட்ரம்மைத் திறந்து பார்" என்றார் மாமி.

திறந்தேன். இருந்தது. மேலாக இருந்த அரிசியில் கைவைத்தவுடன் கறுப்பாக நாலைந்து விரலில் ஏறின. சரி, கண்டுபிடித்தாயிற்று என்று சனிக்கிழமை முழு அரிசியையும் முற்றத்தில் பாய் விரித்துக் காயப்போட்டோம். ட்ரம்மைத் துடைத்து, வெயிலில் வைத்து, அரிசியைப் புடைத்துத் திரும்பக் கொட்டினோம். மாமி வழக்கம்போல ஒரு கைப்பிடி செத்தல் மிளகாயை அரிசிக்கு மேலே போட்டு மூடினார். வண்டு வராதாம். எங்கள் ஊரில் பாதி வீடுகளில் இதுதான் பழக்கம்.

அடுத்த நாள் பின்னேரம் லைற்றுக்குக் கீழே அதே கூட்டம். மறு சனிக்கிழமை திரும்பவும் அரிசியைக் காயவைத்தோம். திரும்பவும் அதே கூட்டம். இரண்டு சனிக்கிழமையும் முதுகு நோவும் போனதுதான் மிச்சம்.

அதற்குப் பிறகுதான் எனக்குக் கொஞ்சம் புத்தி வந்தது. லைற்றில் பறக்கிற வண்டும் அரிசியில் ஊர்கிற வண்டும் ஒன்றுதானா என்று நான் ஒருதரம்கூடப் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை. எல்லாமே மண்ணிறம், எல்லாமே கிட்டத்தட்ட எள்ளளவு. "வண்டு" என்று ஒரே பெயரில் அடக்கிவிட்டோம்.

முதலில் ஒரு பொறி வைத்தேன். பெரிய விஷயமில்லை. ஒரு வெள்ளைத் தட்டில் தண்ணீர், அதில் பாத்திரம் கழுவுகிற திரவம் இரண்டு சொட்டு. பின்னேரம் ஆறரைக்கு மற்ற லைற்றுகளை அணைத்துவிட்டு டியூப் லைற்றுக்கு நேர் கீழே மேசையில் வைத்தேன். சவர்க்காரம் போட்டால் விழுகிற பூச்சி மேலே மிதக்காமல் அமிழ்ந்துவிடும். முதல் இரவு 14. இரண்டாம் இரவு 11. எண்ணிக்கையைக் கலண்டரிலேயே எழுதி வைத்தேன். பிறகு இந்த எண்ணிக்கைதான் என்னைக் காப்பாற்றியது.

அடுத்தது ஆட்களை அடையாளம் காண்பது. லைற்றுக்குக் கீழிருந்து உயிரோடு மூன்றைப் பிடித்தேன். அரிசியிலிருந்து மூன்று. அப்புறம் அலுமாரியில் திறந்து கிளிப் போட்டிருந்த தோசை ரெடிமிக்ஸ் பக்கற்றிலும் வண்டு தெரிந்ததால் அதிலிருந்து மூன்று. வெள்ளைக் கடதாசியில் மூன்று குவியலாக விட்டு, மகனின் பூதக்கண்ணாடியை ஃபோன் கமராவுக்கு முன்னால் பிடித்துப் பார்த்தேன். மூன்று இடத்தில் மூன்று வேறு வண்டு! மகன்தான் அந்த இடத்திலேயே பெயர் வைத்தான்: கூனன், தட்டையன், மூக்கன். பிறகு வீட்டில் எல்லாரும் அந்தப் பெயரைத்தான் சொல்கிறோம்.

அரிசியில் இருந்தவன் மூக்கன். முகத்துக்கு முன்னால் யானைத் துதிக்கை போல நீண்ட மூக்கு, அதன் அடியிலிருந்து முழங்கை மடித்தது மாதிரி இரண்டு உணர்கொம்பு. முதுகில் மங்கலாக நாலு செம்மஞ்சள் புள்ளிகள். வெறும் கண்ணுக்கே மூக்குத் தெரியும், ஆனால் தேடிப் பார்த்தால்தான் தெரியும். வேறு எதையும் பார்க்கத் தேவையில்லை. மூக்கு இருந்தால் அரிசி வண்டு, இல்லாவிட்டால் இல்லை.

ரெடிமிக்ஸில் இருந்தவன் தட்டையன், மா வண்டு. 3 அல்லது 4 மில்லிமீற்றர் நீளம், செம்மண்ணிறம், ஒடுங்கின நீள உடம்பு. பக்கவாட்டில் பார்த்தால் யாரோ விரலால் அமத்திவிட்டது போலத் தட்டை. மேலிருந்து பார்க்கும்போது தலை, கழுத்துப் பகுதி, உடம்பு மூன்றும் வரிசையாகத் தெரியும். உணர்கொம்பின் நுனியில் மூன்று மணி கோத்தது மாதிரிச் சின்னக் குண்டு. கடதாசியில் விட்டால் நிற்கவே மாட்டான், விளிம்பைத் தேடி ஓடுவான்.

லைற்றில் பறந்தவன் கூனன். 2 அல்லது 3 மில்லிமீற்றர்தான், குண்டாக முட்டை வடிவம். மேலிருந்து பார்த்தால் தலையே இல்லை! பக்கவாட்டில் பார்த்தால்தான் விளங்கும், தலையைக் கீழே மடித்து நெஞ்சுக்குள் செருகி வைத்திருக்கிறான். அதனால் முதுகு கூனிப்போய்த் தெரிகிறது. சிறகு மூடியில் கோடு ஒன்றும் இல்லை, மினுங்கலாக மெல்லிய மயிர். உணர்கொம்பு வாள் பல்லு மாதிரி. ஆங்கிலத்தில் சிகரெட் வண்டு என்று சொல்கிற ஆள் இவன்தான். புகையிலைக் கிடங்குகளில் பெயர் எடுத்தவன் என்பதால் அந்தப் பெயர். எங்கள் வீட்டில் ஒருவரும் சிகரெட் பிடிப்பதில்லை, பிறகு இவனுக்கு இங்கே என்ன வேலை என்று அன்று சிரித்தோம். அந்தச் சிரிப்புக்குப் பிறகு வருகிறேன்.

இவனுக்கு ஒரு சகோதரன் உண்டு, மருந்துக்கடை வண்டு. அச்சில் வார்த்தது போல இருப்பான். ஆனால் சிறகு மூடியில் நீளவாட்டில் வரிவரியாகக் கோடு இருக்கும், உணர்கொம்பு நுனியில் மூன்று கண்ணி பெரிதாக இருக்கும். அவனும் மல்லி, மிளகாய் எல்லாம் தின்பான், செய்ய வேண்டிய வேலையும் ஒன்றுதான். எங்களிடம் பிடிபட்டவற்றில் கோடு உள்ளது ஒன்றுகூட இல்லை.

பெயரில் ஒரு சிக்கல் இருக்கிறது. விவசாயப் புத்தகங்களில் மூக்குள்ள வண்டுகளைத்தான் கூன்வண்டு என்று எழுதுவார்கள். தென்னையில் சிவப்புக் கூன்வண்டு, வாழையில் கிழங்குக் கூன்வண்டு. வளைந்த மூக்கைப் பார்த்து வைத்த பெயராக இருக்க வேண்டும். குசினியில் உண்மையாகக் கூனிப்போய் இருப்பவனோ மூக்கே இல்லாதவன். ஆகவே யாராவது "கூன்வண்டு வந்திட்டுது" என்றால் எந்தக் கூன் என்று கேட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

பூதக்கண்ணாடி இல்லாத வீட்டுக்கு ஒரு வழி, கண்ணாடித் தம்ளர். நன்றாகக் கழுவி, எண்ணெய்ப் பிசுக்கு, தூசி எதுவும் இல்லாமல் காயவைத்த தம்ளரில் வண்டை விட வேண்டும். மூக்கன் கடகடவென்று செங்குத்துக் கண்ணாடியில் ஏறி வெளியே வந்துவிட்டான். தட்டையன் அடியிலேயே சுற்றிச் சுற்றி ஓடினான், சுவரில் காலை வைத்து வைத்து வழுக்கினான், ஒரு விரல்கூட ஏறவில்லை. கூனன் விழுந்த இடத்திலேயே கால், தலை எல்லாவற்றையும் உள்ளே இழுத்துச் செத்தது போலக் கிடந்தான். செத்துவிட்டான் என்று நான் தம்ளரைத் தூக்கப் போனேன், சிறகை விரித்துப் பறந்து நேராக லைற்றுக்குப் போய்விட்டான். செத்த நடிப்பை மட்டும் வைத்து முடிவுக்கு வரக்கூடாது, அரிசி வண்டும் தொட்டால் சில நேரம் அப்படி நடிக்கும்.

ஆளைப் பிரித்ததும் பாதி வேலை முடிந்தது. ஏனென்றால் ஒவ்வொருவனும் எதில் குஞ்சு பெருக்குவான் என்பது வேறு வேறு. மூக்கன் முழுத் தானியத்தில் மூக்கால் துளை போட்டு உள்ளே முட்டை வைப்பவன். அவன் புழுவுக்குக் கால் இல்லை. ஒரு அரிசி மணிக்குள்ளேயே தின்று வளர்ந்து, வண்டாகித்தான் வெளியே வரும். தூளில் அது பிழைக்காது. மிளகாய்த்தூள் போத்தலில் மூக்கன் ஒன்று செத்துக் கிடந்தால் பக்கத்து அரிசி ட்ரம்மிலிருந்து வழிதவறி வந்தவன் என்றே அர்த்தம், மிளகாய்த்தூளை வீச வேண்டியதில்லை. தட்டையன் நேர் எதிர். அவனால் முழு அரிசியை உடைக்க முடியாது. மா, குறுநொய், ரவை, ரெடிமிக்ஸ், இப்படி ஏற்கெனவே உடைந்ததுதான் அவனுக்கு வேண்டும். கூனனுக்கு மஞ்சள், மிளகாய், இஞ்சி, மல்லி, கருவாடு, மருந்துச் சரக்கு என்று நீண்ட பட்டியல் உண்டு. முழுதாக இருந்தாலும் துளைப்பான், தூளாக இருந்தாலும் தின்பான். மிளகாயின் உறைப்பு அவனை ஒன்றும் செய்யாது. அவன் குடலில் ஒரு வகை ஈஸ்ட் குடியிருக்கிறது. மற்றப் பூச்சிக்கு நஞ்சாகிற பொருள்களைச் சமாளிக்க அது அவனுக்கு உதவுகிறது. புகையிலையே சமிக்கிறவனுக்கு மிளகாய் என்ன பெரிய காரியம்.

இந்த இடத்தில்தான் மாமி அரிசிக்கு மேல் போடுகிற செத்தல் மிளகாய் எனக்கு நினைவு வந்தது. ட்ரம்மைத் திறந்து மிளகாயை மட்டும் பொறுக்கி எடுத்து ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்தேன். பதினேழில் ஐந்தில் ஓட்டை. ஒன்றை நீளவாட்டில் கிழித்தேன். விதையெல்லாம் பொடியாகி, உள்ளே வளைந்து சுருண்டு மயிர் முளைத்த ஒரு வெள்ளைப் புழு. அரிசி வண்டை விரட்டப் போட்ட மிளகாயே கூனனுக்கு வீடாக இருந்திருக்கிறது. நாங்கள் இரண்டு சனிக்கிழமையும் அரிசியைக் காயவைத்து, மிளகாயைப் பக்குவமாகத் திரும்ப உள்ளே போட்டிருக்கிறோம். மாமியிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அப்ப வேப்பிலை போடுவம்" என்றார்.

ஆனால் ஐந்து மிளகாயிலிருந்து ஒரு இரவுக்கு 14 வண்டு வராது. வேறு இடம் இருக்க வேண்டும். அலுமாரியை முழுதாக இறக்கினேன்.

தூள் போத்தல்களைப் பார்த்தவுடன் சொல்ல முடியாது. மிளகாய்த்தூளின் நிறத்துக்குள் செம்மண்ணிற வண்டு மறைந்துவிடும். அதற்கு ஒரு சின்ன வேலை செய்தேன். ஒவ்வொரு போத்தலிலும் தூளின் மேற்பரப்பைக் கரண்டியின் முதுகால் அழுத்தி வழுவழுவென்று மட்டமாக்கி, மூடி, இரவு முழுதும் அசையாமல் வைத்தேன். காலையில் திறந்தால் சீரகத்தூள் வைத்தபடியே இருந்தது. மிளகாய்த்தூளில் ஊசியால் குத்தினது போல மூன்று பள்ளம். ரெடிமிக்ஸைக் கிண்ணத்தில் கொட்டி மட்டமாக்கியிருந்தேன், அதில் பிள்ளைகள் பென்சிலால் கிறுக்கினது போலக் கோடு கோடாக ஓடின தடம். மஞ்சள்தூளில் ஒன்றும் இல்லை, ஆனால் மூடியின் உள் மரைக்குள் ஒரு செத்த கூனன்.

பிறகு அரிதட்டு. மிளகாய்த்தூளை அரித்தபோது தட்டில் சின்னச் சின்னக் கட்டிகள் மிஞ்சின. ஈரக்கசிவால் வந்த கட்டி என்றுதான் யாரும் நினைப்பார்கள், நானும் இத்தனை நாள் அப்படி நினைத்துத்தான் கரண்டியால் நசுக்கிப் போட்டிருக்கிறேன். இந்தமுறை விரலுக்கிடையில் வைத்து உருட்டினேன். ஈரக்கட்டி உடனே உதிர்ந்து தூளாகும். சில கட்டிகள் உதிரவில்லை. உளுந்து அளவு, நீள்வட்டம், எல்லாம் ஒரே வடிவம். ஊசியால் ஒன்றைக் கிழித்தேன். உள்ளே வெள்ளையாகக் கூட்டுப்புழு, கால் மடித்துப் படுத்திருந்தது. கூனனின் புழு தூளையே ஒட்டிக் கூடு கட்டும், அந்தக் கூடுதான் நான் "கட்டி" என்று நினைத்தது. தட்டையன் இப்படிக் கூடு கட்டமாட்டான். அவன் புழு மஞ்சள் கலந்த வெள்ளையில் மெல்லிய கம்பிபோல் இருக்கும், சுருளாது, வால் நுனியில் இரண்டு கூர் முள் பிரிந்து நிற்கும். ரெடிமிக்ஸை அரித்தபோது அப்படித்தான் கிடந்தன. ஆகவே வண்டே கண்ணில் படாவிட்டாலும் கட்டியும் புழுவும் ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும்.

முக்கியமான இடம் அலுமாரியின் மேல்தட்டில், பழைய பிஸ்கட் ரின் ஒன்றுக்குப் பின்னால் இருந்தது. ஒரு கிலோ மஞ்சள் கிழங்கு, பொலித்தீன் பையில் கட்டி வைத்தது. 2020இல் மஞ்சள் இறக்குமதியை நிறுத்தி விலை எங்கேயோ ஏறிப் போனதே, அந்த நாளில் பயந்து பழகினதால் மாமி எங்கே மலிவாகக் கண்டாலும் மஞ்சளை வாங்கி ஒளித்துவிடுவார். எடுத்தவுடன் பையின் அடியில் பொடி ஒழுகியது. பொலித்தீனில் குண்டூசித் தலை அளவில் வட்ட வட்டமாக ஓட்டைகள், கத்தியால் வெட்டினது போல விளிம்பு சுத்தம். கிழங்கு ஒவ்வொன்றிலும் அதே ஓட்டை. ஒன்றை முறித்தேன். வெளியே கல்லுப்போலத் தெரிந்த கிழங்கு பிஸ்கட் போல உடைந்தது. உள்ளே வழி வழியாகக் குடைந்து, மஞ்சள் பொடி நிரம்பி, அதற்குள் மஞ்சள் பூசிக் குளித்த புழுக்கள்.

பொலித்தீன் ஓட்டையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கூனன் மெல்லிய பையைக் கடித்துத் துளைப்பவன். வெளியேயும் வருவான், அவனுடைய பொரித்த புதுப் புழு நூல் அளவு இடுக்காலும் உள்ளே போகும். தட்டையன் அப்படித் துளைக்கிறவன் அல்ல, ஏற்கெனவே இருக்கிற இடுக்கைத் தேடுவான். எங்கள் ரெடிமிக்ஸ் இரண்டு பக்கற், ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று ஒரு கடையில் வாங்கினது. திறக்காத பக்கற்றிலும் தட்டையன் இருந்தான். ஓட்டை எதுவும் இல்லை. வெயிலுக்கு எதிரே பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தபோது சூட்டால் ஒட்டின விளிம்பின் மூலையில், மடிப்பு விழுந்த இடத்தில், ஒட்டாத ஒரு சின்ன வாய். அங்கேயே மா துகள் படிந்திருந்தது. கடையிலேயே போனதா எங்கள் அலுமாரியில் போனதா என்று இதை வைத்துச் சொல்ல முடியாது, அதனால் கடைக்காரரிடம் சண்டைக்குப் போகவில்லை. அடுத்தமுறை வாங்கும்போது அந்த மூலைகளை விரலால் தடவிப் பார்க்கிறேன்.

இனி என்ன வீசுவது, என்ன வைப்பது. ரெடிமிக்ஸ் இரண்டையும் வீசினேன். இதில் எனக்குத் தயக்கமே இல்லை. தட்டையன் கூட்டம் பெருகினால் ஒரு காரமான வாடையுள்ள இரசாயனத்தைக் கக்கும். மா இலேசாகச் சிவப்புக் கலந்த சாம்பலாகும், மூக்கில் வைத்தால் பழைய மருந்துப் பெட்டி வாடை. அரித்தாலும் வாடை போகாது, தோசையில் கைப்பு நிற்கும். மஞ்சள் கிழங்கு ஒரு கிலோவும் போயிற்று, பாதிக்கு மேல் கழிவுப் பொடிதான். இவற்றைக் குப்பைக் கூடையில் போட்டால் இரவே திரும்பிப் பறந்து வரும். தடித்த பொலித்தீன் பையில் இறுக்கிக் கட்டி, முற்றத்துச் சீமெந்துத் தரையில் இரண்டு நாள் முழு வெயிலில் கிடத்தினேன். தொட்டால் கை சுடுகிற சூட்டில் உள்ளே எதுவும் மிஞ்சாது. பிறகு புதைத்தேன்.

மிளகாய்த்தூளைக் காப்பாற்றலாமா என்பதில் வீட்டில் இரண்டு கட்சி. மூன்று பள்ளமும் ஒன்பது கூடும் உள்ள 700 கிராம். வண்டு விஷம் இல்லை, ஆனால் எனக்கு மனசு வரவில்லை, அதையும் வீசினேன். பக்கத்து வீட்டுத் தாத்தா கேட்டுவிட்டு "அரிச்சுப் பொரிச்சா என்னவாம்" என்று ஏசினார். (எங்கள் ஊர் முஸ்லிம் வீடுகளில் அக்காவைத்தான் தாத்தா என்பது. தமிழ்நாட்டுக்காரர் பயப்பட வேண்டாம்.)

வண்டு தெரியாத மஞ்சள்தூள், மல்லித்தூள், மிஞ்சின நல்ல செத்தல் இவைக்குள் முட்டை இல்லை என்று சொல்ல முடியாது. முட்டை கண்ணுக்குத் தெரியாது, அரிதட்டிலும் நிற்காது. வெயிலில் காயவைப்பதைத்தான் எல்லாரும் சொல்வார்கள். தூளுக்கு நான் அதைச் செய்யவில்லை. மஞ்சளும் மிளகாயும் வெயிலில் நிறம் வெளிறும், தடிப்பாகப் பரப்பினால் அடித்தூளுக்குச் சூடு போவதில்லை, சூடு ஏறும்போது வளர்ந்த வண்டு எழுந்து பறந்து வீட்டுக்குள் போய்விடும். ஃபிரீசர்தான் நல்லது. சைபருக்குக் கீழே 18 பாகைக் குளிரில் ஒரு கிழமை வைத்தால் முட்டை முதல் வண்டு வரை எல்லாம் சாகும்.

இதில் நான் விட்ட பிழையைச் சொல்கிறேன். முதலில் ஒரு கிலோ மல்லித்தூளை அப்படியே போத்தலோடு ஃபிரீசரில் வைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து நடுவில் விரலை விட்டால் இன்னும் இளஞ்சூடு! தூளுக்குள் காற்று அடைந்திருப்பதால் அது கம்பளி மாதிரி, குளிர் உள்ளே போக நேரமெடுக்கும். எடுத்து, கால் கிலோ அளவில் பையில் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி, புத்தகம் போலத் தட்டையாக்கி அடுக்கினேன். எங்கள் பிரிட்ஜ் ஒற்றைக் கதவுப் பழசு, அதில் ஐஸ்கிரீம் கல்லாக இறுகாது, கரண்டி இலேசாக இறங்கும். அப்படியென்றால் அந்த 18 பாகைக் குளிருக்குப் போவதில்லை. அதனால் ஒரு கிழமைக்குப் பதில் இரண்டு கிழமை வைத்தேன். நடுவில் ஒரு நாள் கரண்ட் நாலு மணித்தியாலம் போனது, அன்றிலிருந்து திரும்ப எண்ணத் தொடங்கினேன். வெறும் பிரிட்ஜில், கீழ்த்தட்டில் வைப்பது வேறு. அங்கே கூனன் வளரமாட்டான், ஆனால் உடனே சாகவும் மாட்டான்.

வெளியே எடுக்கும்போது பையை உடனே திறக்கக்கூடாது. எங்கள் கடற்கரைக் காற்றில் குளிர்ந்த தூளைத் திறந்தால் ஒரு நிமிடத்தில் வேர்த்து, கட்டிபட்டு, பிறகு பூஞ்சணம் பிடிக்கும். மூடினபடியே ஒரு இரவு வெளியே வைத்து, பையின் வெளிப்பக்கம் காய்ந்த பிறகுதான் போத்தலில் கொட்டினேன்.

அரிசி தனிக் கதை. அதைப் பையாகப் பிரித்து ஃபிரீசரில் வைக்க இடமில்லை. புடைத்து, கழுவிச் சமைத்துத் தீர்த்தோம், புதிதாக ஐந்து ஐந்து கிலோவாக வாங்குகிறோம். அவ்வளவுதான்.

அலுமாரியைக் கழுவவில்லை. இடுக்கில் இருக்கிற மா ஈரமானால் ஒட்டிப்போய் இன்னும் நல்ல சாப்பாடாகும். பழைய பல்துலக்கும் தூரிகையால் தட்டு தாங்குகிற ஆணி ஓட்டைகள், கதவுப் பிணைச்சல், தட்டில் ஒட்டியிருந்த பூப்போட்ட பிளாஸ்டிக் தாள், அதன் அடி எல்லாவற்றையும் சுரண்டி எடுத்தேன். தாளுக்கு அடியில் மட்டும் இருபதுக்கு மேல் கூடு. பூச்சி மருந்து அடிக்கவில்லை. சாப்பாடு வைக்கிற தட்டு, மேலும் கூட்டுக்குள் கிடக்கிறவனுக்கு அது போய்ச் சேராது.

ஃபிரீசரில் இருந்த தூள்களைத் தவிர, ஆகஸ்ட் 3 அன்று மற்ற எல்லாம் முடிந்தது. அன்றிரவு தட்டில் 9. சோர்ந்துபோகவில்லை, ஏனென்றால் ஏற்கெனவே வெளியே வந்த கூனன்கள் எங்கேயோ ஒளிந்து இருக்கும், வளர்ந்த வண்டு இரண்டு முதல் நாலு கிழமை உயிரோடு இருக்கும். முதல் கிழமை முடிவில் 5, இரண்டாவதில் 2, மூன்றாவதில் ஒன்று, நாலாவதில் ஒன்றும் இல்லை. இந்த நாள்களில் மல்லித்தூளிலும் மஞ்சள்தூளிலும் இரண்டு கரண்டி எடுத்து, இறுக்கமாக மூடுகிற சின்னக் கண்ணாடிப் போத்தலில் போட்டுத் திகதி எழுதிக் குசினி ஜன்னலருகே நிழலில் வைத்திருந்தேன். எங்கள் சூட்டில் முட்டையிலிருந்து வண்டாக ஒரு மாதத்துக்கு மேல் எடுக்கும், சரக்கில் இன்னும் சுணங்கலாம். எட்டுக் கிழமை பார்க்காமல் தப்பினோம் என்று சொல்லக்கூடாது.

மில் விஷயத்தையும் மாற்றினேன். பின்னேரம் மில்லில் அரைத்து வந்து, சூடான தூளைச் சுளகில் பரப்பி இரவு முழுதும் ஆறவிடுவது என் பழக்கம். கூனன் பறக்கிற நேரம் பின்னேரம், முட்டை வைக்கத் தேடுவது மணக்கிற சரக்கு. வலிய அழைத்து விருந்து வைத்திருக்கிறேன். இப்போது காலையில் அரைத்து, நல்ல நெருக்கமான துணியால் மூடி ஆறவிட்டு, மத்தியானத்துக்கு முன் போத்தலில் அடைக்கிறேன். மூடிக்குள் ரப்பர் வளையம் உள்ள போத்தல்தான். வெறும் மரை மூடியின் இடுக்கு புதுப் புழுவுக்குப் பெரிய வாசல்.

செப்டம்பர் 12, ஆறாவது கிழமை. தட்டில் மூன்று கூனன்.

பழைய ஆட்கள் இவ்வளவு நாள் உயிரோடு இருக்க முடியாது. பரிசோதனைப் போத்தல்கள் இரண்டையும் பார்த்தேன், சுத்தம். மட்டமாக்கின தூள்களில் பள்ளம் இல்லை. அப்போ இன்னொரு இடத்தில் பிறக்கிறது, அதுவும் நான் சாப்பாடு என்று நினைக்காத இடத்தில். சுக்குப் போத்தல், சாம்பிராணி, கருவாட்டுப் பெட்டி, மகளின் காய்ந்த பூ ஒட்டின கொப்பி எல்லாம் பார்த்தாயிற்று. பொறித் தட்டை ஒவ்வொரு இரவும் ஒவ்வொரு அறையில் வைத்தேன். குசினியில் ஒன்று, விறாந்தையில் ஒன்றும் இல்லை, மாமியின் அறையில் ஆறு.

மாமியின் கட்டிலுக்குக் கீழே வெற்றிலைப் பெட்டி. பாக்கு, சுண்ணாம்பு, அதற்குக் கீழே பழைய பேப்பரில் சுற்றின யாழ்ப்பாணத்துப் புகையிலை. பிரித்தேன். இலை முழுதும் சல்லடை. நரம்பு ஓரமாகக் கூடுகள் வரிசையாக ஒட்டியிருந்தன, ஒரு கூனன் விழுந்து செத்தது போலக் கிடந்தான்.

"சிகரெட் குடிக்கிற ஆள் ஒருத்தரும் இல்லையெண்டு சிரிச்சீங்களே மாமி" என்றேன்.

"அது வெத்திலைக்குப் பிள்ளை" என்றார் மாமி.

அந்தச் சுற்றை வெயில் பையில் போட்டேன். புதுப் புகையிலை வாங்கி, அதையும் இரண்டு கிழமை ஃபிரீசரில் வைத்துத்தான் கொடுப்பது என்று பேச்சு. புகையிலைக் கொம்பனிகளும் குளிரில் வைத்து இந்த வண்டைக் கொல்வதுண்டு என்று சொன்ன பிறகுதான் மாமி ஒத்துக்கொண்டார். ஐஸ்கிரீமுக்குப் பக்கத்தில், இரண்டு பைக்குள், செலோ டேப் சுற்றி, மகனின் கையெழுத்தில் "மாமி — திறக்க வேண்டாம்" என்று எழுதி இருக்கிறது. அவர் அவனுக்கு அப்பம்மா. என் வாயிலிருந்து கேட்டதை அப்படியே எழுதியிருக்கிறான். தட்டு இப்போதும் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் லைற்றுக்குக் கீழே போகிறது. ஒக்டோபர் கடைசியில் மழை தொடங்கினபோது ஈசல் நிறைய விழுந்தது, கூனன் ஒன்றும் இல்லை.